கோபத்தை நீக்கிப் புகாரை எழுதுவது

சரக்கு குறித்த நாளில் வராதபோது சப்ளையருக்கு எழுதும் மின்னஞ்சலில் கோபமும் புகாரும் கலந்தே இருக்கும். இரண்டும் ஒரே மூச்சில் வருவதால், எழுதுகிறவருக்கு அவை ஒன்றுதான் என்று தோன்றும். சூட்டைத் தணித்தால் புகாரின் பலமும் போய்விடுமோ என்ற பயம் அங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் எழுதியதை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு இடங்களில் இருப்பது தெரியும். கோபம் ஆளைப் பற்றிய வரிகளில் இருக்கும். புகார் தேதி, எடை, ஆர்டர் எண், அடுத்து என்ன நடக்க வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவற்றில் இருக்கும். முதலாவதை முழுக்க எடுத்துவிட்டாலும் இரண்டாவதில் ஒரு சொல்கூடக் குறைய வேண்டியதில்லை. பெரும்பாலும் அங்கே கூட்டித்தான் எழுத வேண்டியிருக்கும்.

இதைத் திருப்பூரில் அன்றாடம் நடக்கக்கூடிய ஒரு சூழலை வைத்துப் பார்க்கலாம். ஒரு பனியன் கம்பெனி வெளிநாட்டுப் பையருக்கு 8,000 டி-ஷர்ட் அனுப்ப வேண்டும். அதற்கு 2,000 கிலோ நேவி நீல நிற சிங்கிள் ஜெர்சி துணி தேவை. சாயமேற்றி, காம்பாக்டிங் முடித்த துணியாகத் தர ஒரு சப்ளையர் ஒப்புக்கொள்கிறார். பர்ச்சேஸ் ஆர்டர் போட்டது ஜூன் 3. துணி முழுவதும் வர வேண்டிய நாள் ஜூன் 24. ஜூன் 20 அன்று 800 கிலோ வந்துவிடுகிறது. மீதி 1,200 கிலோ வரவில்லை. போனில் கேட்டபோது முதலில் 26 என்றார்கள், பிறகு 28 என்றார்கள். முதலில் வந்த துணியில் 3,200 பீஸ் தைத்து முடித்து, ஜூன் 28 சனிக்கிழமையிலிருந்து தையல் லைன் நிற்கிறது. இன்று ஜூலை 1, செவ்வாய்க்கிழமை. சரக்கு ஜூலை 18 அன்று லாரி ஏறித் தூத்துக்குடி போனால்தான் கப்பலைப் பிடிக்கும்.

ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு ஒரு பக்கம் பையர் நெருக்கடி, மறுபக்கம் முதலாளியின் கேள்வி. அந்த நேரத்தில் அவர் கை இப்படி எழுதும்:

"நீங்கள் செய்வது உங்களுக்கே நியாயமாக இருக்கிறதா? ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று எங்களை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். எங்கள் துணியை வேறு பெரிய பார்ட்டிக்குத் திருப்பிவிட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வாரமாக எங்கள் லைன் சும்மா கிடக்கிறது. எக்ஸ்போர்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களிடம் ஆர்டர் கொடுத்தது எங்கள் தப்பு. இனிமேலாவது பொறுப்பாக நடந்துகொள்ளுங்கள். மீதித் துணி உடனே வர வேண்டும். இல்லையென்றால் ஒரு பைசா தர மாட்டோம்."

கோபம் நியாயமானதுதான். இரண்டு முறை தேதி சொல்லி இரண்டு முறையும் தவறியவரிடம் கோபப்படாமல் இருப்பது கடினம். ஆனால் இந்த மின்னஞ்சலைச் சப்ளையரின் அலுவலகத்தில் திறப்பவர் கண்ணோட்டத்தில் ஒருமுறை படிக்க வேண்டும். எந்த ஆர்டர், எத்தனை கிலோ பாக்கி, எந்த நாளில் வந்திருக்க வேண்டும், இப்போது எந்த நாளுக்குள் வேண்டும் என்ற நான்கில் ஒன்றுகூட இதில் இல்லை. 'உடனே' என்ற சொல்லை நாளையென்றும் எடுத்துக்கொள்ளலாம், அடுத்த வாரமென்றும் எடுத்துக்கொள்ளலாம். வேலையை நகர்த்தக்கூடிய தகவல் இல்லாததால், படிப்பவர் தன்னைத் தைத்த வரிக்குத்தான் பதில் எழுதுவார். "பெரிய பார்ட்டிக்குத் திருப்பினோம் என்று எப்படிச் சொல்லலாம்? ஆதாரம் உண்டா?" என்று பதில் வரும். அடுத்த இரண்டு நாள் அந்தச் சண்டையில் கழியும். துணியைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

'ஒரு வாரமாக' என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. லைன் நின்றது சனிக்கிழமை. இடையில் ஞாயிறு. ஆக, நின்ற வேலைநாள் இரண்டு, இன்று மூன்றாவது. கோபத்தில் மூன்று நாள் ஏழு நாளாகிவிட்டது. 24-ஆம் தேதி வரை தையல் நடந்ததற்கும் அதன் பிறகு நடந்ததற்கும் உற்பத்திக் கணக்கு இருக்கும்போது, இந்த ஒரு மிகையைச் சுட்டிக்காட்டி மற்ற எல்லாவற்றையும் மிகை என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. 'ஒவ்வொரு தடவையும்' என்பதும் அப்படித்தான். பழைய ஆர்டர்களில் ஒன்றே ஒன்று நாள் தவறாமல் வந்திருந்தாலும் அந்த வரி பொய்யாகிவிடும்.

கடைசி வரி இன்னும் ஆபத்தானது. வந்து சேர்ந்து, தைத்தும் முடிந்த 800 கிலோவுக்குப் பணம் தர வேண்டியது கம்பெனியின் கடமை. சப்ளையர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்த உற்பத்தியாளராக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். அந்தச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட பிறகு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மும்மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி கட்ட வேண்டும். "ஒரு பைசா தர மாட்டோம்" என்று எழுத்தில் கொடுப்பது, தாமதத்தால் பாதிக்கப்பட்டவரையே விதியை மீறியவராக மாற்றிவிடும்.

இதையெல்லாம் உணர்ந்த மூத்தவர் ஒருவர், "இப்படியெல்லாம் எழுதக் கூடாது, கொஞ்சம் பக்குவமாக எழுது" என்று சொல்வார். அப்போது மறுகோடிக்குப் போவதும் வழக்கம்:

"தொந்தரவுக்கு மன்னிக்கவும். மீதித் துணி எப்போது கிடைக்கும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். உங்கள் பக்கத்துச் சிரமம் எங்களுக்கும் புரிகிறது. முடிந்தால் இந்த வாரத்துக்குள் அனுப்ப முயற்சி செய்யவும்."

இதில் கோபம் போய்விட்டது, கூடவே புகாரும் போய்விட்டது. தாமதம் நடந்திருக்கிறது என்ற செய்தியே இந்த நான்கு வரியில் எங்கும் இல்லை. குறித்த நாள் எது என்று இல்லை. 'எப்போது கிடைக்கும்' என்று கேட்பதால், தேதியைத் தீர்மானிக்கும் உரிமை சப்ளையர் கைக்குப் போகிறது. 'முடிந்தால்', 'முயற்சி' என்ற இரண்டு சொற்களும் அனுப்பாமல் இருப்பதற்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடுகின்றன.

இந்தக் குழைவுக்குச் சட்டத்திலும் ஒரு விலை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 63-ஆம் பிரிவில், வாக்குறுதியைப் பெற்றவர் அதை நிறைவேற்றும் காலத்தை நீட்டித்துத் தரலாம் என்கிறது. சிரமம் புரிகிறது, இந்த வாரத்துக்குள் முயலுங்கள் என்று எழுதியதைக் காட்டி, "அவர்களே நாளை நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள்" என்று வாதாட முடியும். 55-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. குறித்த காலமே ஒப்பந்தத்தின் உயிராக இருக்கும் இடத்தில், தாமதமாக வந்ததை ஒருவர் ஏற்றுக்கொண்டால், அந்தத் தாமதத்தால் வந்த நட்டத்தை அவர் பிறகு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும் சமயத்திலேயே, இழப்பீடு கேட்கும் எண்ணம் உண்டு என்று தெரிவித்திருந்தால் மட்டுமே கேட்கலாம். சத்தம் போட வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. தெரிவிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அமைதியான ஒரே வரியில் அதைச் செய்துவிடலாம். கடுமையாக எழுதிய மின்னஞ்சலில் அந்த வரி இல்லாவிட்டால், அத்தனை கடுமையும் அந்த உரிமையைக் காப்பாற்றாது.

ஆக, செய்ய வேண்டியது தொனியை மொத்தமாகக் குறைப்பது அல்ல, வரிகளைப் பிரிப்பது. கோபத்தில் எழுதியதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதை ஒரு வரைவாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: இதற்குக் கம்பெனியின் கோப்பில் காகிதம் இருக்கிறதா? ஆர்டர், டெலிவரி சலான், கேட் பதிவு, முந்தைய மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி, உற்பத்திக் கணக்கு என்று ஏதாவது ஒன்று அந்த வரிக்குப் பின்னால் நிற்க வேண்டும். நின்றால் அது புகார், வைத்துக்கொள்ளலாம். நிற்கவில்லையென்றால் அது எதிராளியின் மனத்தைப் பற்றிய ஊகம் அல்லது அவர் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. அதை எடுத்துவிட வேண்டும்.

மேலே உள்ள வரைவை இப்படிப் பிரித்தால், துணியை வேறு பார்ட்டிக்குத் திருப்பியது ஊகம். சந்தையில் யாரோ சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் நிரூபிக்க முடியாது, நிரூபித்தாலும் 1,200 கிலோ வரப்போவதில்லை. ஏமாற்றுகிறீர்கள் என்பது தீர்ப்பு. ஆனால் அதற்குப் பின்னால் உண்மை ஒன்று இருக்கிறது. 26, 28 என்று இரண்டு தேதி சொல்லி இரண்டும் தவறின. தீர்ப்பை எடுத்துவிட்டு அந்த இரண்டு தேதிகளை எழுதினால், படிப்பவருக்கு எது உறைக்க வேண்டுமோ அது உறைக்கும், மறுக்கவும் முடியாது. 'ஒரு வாரமாக' என்பது 'ஜூன் 28 முதல்' என்று மாறும். எக்ஸ்போர்ட் தெரியாதவர்கள் என்பதற்கு மாற்று எதுவும் இல்லை, அது போக வேண்டியதுதான்.

தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குத்தல் எப்போதும் பெரிய சொற்களில் இருப்பதில்லை. 'உங்களுக்கே', 'இனிமேலாவது', 'எத்தனை தடவை', 'இதே கதைதான்' என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். "இனிமேலாவது குறித்த நாளில் அனுப்புங்கள்" என்பதில் மரியாதைப் பன்மை இருந்தும் அது சுடுகிறது. "அடுத்த டெலிவரி குறித்த நாளில் வர வேண்டும்" என்பதில் அந்தச் சூடு இல்லை, கண்டிப்பு அப்படியே இருக்கிறது. பதில் எதிர்பார்க்காத கேள்விகளும் இதே வகை. நியாயமா, மனசாட்சி இல்லையா என்பவை கேள்விக்குறியோடு வரும் குற்றச்சாட்டுகள். "மீதி 1,200 கிலோ இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" என்பது பதில் வேண்டிக் கேட்கும் கேள்வி. புகாருக்குப் பின்னது மட்டும் போதும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பிரிப்பு அப்படியே பொருந்தும்.

எழுவாயை மாற்றுவதும் உதவும். "நீங்கள் அனுப்பவில்லை", "நீங்கள் சொன்னீர்கள்", "நீங்கள் தவறினீர்கள்" என்று வரிக்கு வரி 'நீங்கள்' வந்தால் விரல் நீட்டிப் பேசுவது போல இருக்கும். "1,200 கிலோ வந்து சேரவில்லை", "ஜூன் 28 என்று தெரிவிக்கப்பட்ட தேதியும் கடந்துவிட்டது" என்றால் செய்தி அதேதான், நடந்தது மட்டும் கண்ணில் படும். ஆனால் கோரிக்கை வரும் இடத்தில் இந்த மறைப்பு கூடாது. யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பது அங்கே பளிச்சென்று தெரிய வேண்டும். "ஆவன செய்யப்பட்டால் நன்று" என்பது போன்ற வரி யாருக்கும் உதவாது.

வரிகளைப் பிரித்த பிறகு, மின்னஞ்சலை அனுப்பும் முன், தன் பக்கத்துக் கோப்பைத் திறந்து பார்ப்பது பலர் தாண்டிவிடும் படி. சாயத் துணியில் நாள் கணக்கு சப்ளையர் கையில் மட்டும் இருப்பதில்லை. அவர் முதலில் ஒரு சிறு துண்டில் நிறம் ஏற்றி லேப் டிப் அனுப்புவார். அதற்குக் கம்பெனி ஒப்புதல் தந்த பிறகுதான் முழு லாட்டும் சாயத்துக்குப் போகும். நம் கம்பெனிக்கு லேப் டிப் வந்தது ஜூன் 6, வெள்ளி. ஆர்டரில் ஒப்புதலுக்கு ஒதுக்கியது இரண்டு நாள். ஒப்புதல் போனது 9-ஆம் தேதி, திங்கள். இடையில் ஞாயிறு வந்ததுதான் காரணம் என்றாலும், ஒரு நாள் இவர்கள் பக்கம் கூடிவிட்டது.

இதை மறைத்து "7 நாள் தாமதம்" என்று எழுதினால், சப்ளையர் முதலில் எடுத்து நீட்டுவது அந்த 9-ஆம் தேதி மின்னஞ்சலாகத்தான் இருக்கும். "நீங்களே ஒப்புதல் தாமதமாகத்தான் தந்தீர்கள்" என்று பேச்சு திரும்பிவிடும். தானே முன்வந்து, "ஒப்புதலில் எங்கள் பக்கம் ஒரு நாள் கூடியது. அதைக் கழித்தாலும் 6 நாள் தாமதம்" என்று எழுதிவிட்டால் அந்த வாசல் அடைபடும். இந்த வரி ஒரே நேரத்தில் மென்மையாகவும் உறுதியாகவும் இருக்கிறது. தன் பங்கை ஏற்பதால் மென்மை, மீதி ஆறு நாளுக்குச் சாக்கு இல்லாமல் செய்வதால் உறுதி.

அடுத்து, எந்த நாளைக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். அதைக் கப்பலிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மீதி 4,800 பீஸ். ஒரு நாளைக்கு 800 வீதம் தைத்தால் ஆறு வேலைநாள். பின்னல் துணி ரோலில் இறுகி இருக்கும் என்பதால் விரித்துப் போட்டு ஒரு நாள் ஆறவிட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு அளவு சுருங்கும். துணி ஜூலை 4 வெள்ளி மாலைக்குள் வந்தால் சனிக்கிழமை ஆறும். 7-ஆம் தேதி வெட்டத் தொடங்கி, 8 முதல் 14 வரை தையல், 16 வரை செக்கிங், அயர்னிங், பேக்கிங், 17 அன்று பையர் தரப்பு ஆய்வு, 18 அன்று லாரி. இதற்கு மேல் தளர்வு இல்லை. ஆகவே 4-ஆம் தேதி என்பது கோபத்தில் போட்ட கெடு அல்ல. அந்தக் கணக்கைச் சுருக்கமாக மின்னஞ்சலிலேயே காட்டினால், எதிர்த்தரப்புக்கும் அது மிரட்டலாகப் படாது. காரணம் தெரிந்த கெடுவுக்கு மதிப்புக் கூடுதல்.

பின்விளைவை எழுதும் வரியில்தான் மிக அதிகமாகத் தவறு நடக்கிறது. செய்ய முடியாததை எழுதக் கூடாது. "வேறு இடத்தில் வாங்கிக்கொள்வோம்" என்று எழுத இந்தச் சூழலில் மிகவும் ஆசை வரும். ஆனால் வேறொருவரிடம் போனால் மறுபடியும் லேப் டிப், மறுபடியும் சாயம் என்று கப்பல் தேதி போய்விடும். இரண்டு இடத்துச் சாயத்தில் ஷேட் வித்தியாசமும் வரும். இது சப்ளையருக்கும் நன்றாகத் தெரியும். நடக்காத மிரட்டலைப் படித்ததும் மற்ற வரிகளையும் அவர் அதே எடையில்தான் படிப்பார். செய்யக்கூடியது வேறு. கப்பல் தவறினால் பீஸ்களை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும், அந்தக் கூடுதல் செலவுக்கு டெபிட் நோட் போடலாம். துணித் தாமதத்தால் வரும் விமானச் செலவு சப்ளையரைச் சேரும் என்று இந்த ஆர்டரின் 7-ஆம் நிபந்தனையில் முன்பே இருக்கிறது.

அந்த நிபந்தனை அங்கே இருப்பது அதிர்ஷ்டம் அல்ல, அவசியம். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தம் தவறியதால் இயல்பாக எழும் நட்டத்துக்கும், தவறினால் இது நேரும் என்று ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நட்டத்துக்கும்தான் இழப்பீடு தருகிறது. தொலைதூர, மறைமுக நட்டங்களுக்கு இல்லை. ஆர்டர் படிவத்தில் கப்பல் தேதியும் விமானச் செலவும் எழுதப்படாமல் இருந்தால், பிறகு எவ்வளவு கண்டிப்பாக எழுதினாலும் அந்தச் செலவை வாங்குவது கடினம். புகார் மின்னஞ்சல் புதிய உரிமையை உண்டாக்காது, இருப்பதைத்தான் பாதுகாக்கும்.

மென்மை எங்கிருந்து வரும் என்பதற்கு இப்போது இடம் கிடைக்கிறது. மன்னிப்பும் கெஞ்சலும் தேவையில்லை. வந்த 800 கிலோவில் நிறமும் எடையும் சரியாக இருந்தன என்பது உண்மை. அதைச் சொல்லலாம். தாமதத்துக்கு உண்மையான காரணத்தைக் கேட்கலாம். சாயம் பிசகி லாட்டை மறுபடி போட்டிருக்கலாம், அல்லது சாயப்பட்டறை சேர்ந்திருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பழுது ஏற்பட்டுச் சாயப் பணி நின்றிருக்கலாம். காரணம் தெரிந்தால்தான் சொல்லும் தேதியை நம்பலாமா என்று தெரியும். ஆனால் அந்தக் காரணத்தை எழுதுகிறவரே ஊகித்து, "மழையால் சிரமமாக இருந்திருக்கும்" என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. அது எதிர்த்தரப்பு கேட்காமலே கொடுத்த சாக்காகிவிடும். இவற்றையெல்லாம்விடப் பயனுள்ளது உதவி முன்வைப்பது. தயாரான மட்டும் துணியைப் பகுதியாக அனுப்பலாம், தேவையானால் கம்பெனி டெம்போவையே அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். இதைப் படிப்பவருக்கு இவர்கள் வேலை முடிய வேண்டும் என்றுதான் பார்க்கிறார்கள் என்று புரியும்.

இப்படித் திருத்தி எழுதினால் மின்னஞ்சல் இந்த வடிவத்துக்கு வரும்:

பொருள்: ஆர்டர் எண் 214 – நேவி நீலத் துணி 1,200 கிலோ பாக்கி – ஜூலை 4 வெள்ளி மாலைக்குள் தேவை

வணக்கம் ஐயா,

ஜூன் 3 தேதியிட்ட ஆர்டர் எண் 214-ன்படி 2,000 கிலோ நேவி நீல சிங்கிள் ஜெர்சி துணி ஜூன் 24-க்குள் வந்திருக்க வேண்டும். ஜூன் 20 அன்று 800 கிலோ வந்தது. அதில் நிறமும் ஜிஎஸ்எம்மும் சரியாக இருந்தன. மீதி 1,200 கிலோ இன்றுவரை வந்து சேரவில்லை. ஜூன் 26, ஜூன் 28 என்று போனில் தெரிவிக்கப்பட்ட இரண்டு தேதிகளும் கடந்துவிட்டன. லேப் டிப் ஒப்புதலில் எங்கள் பக்கம் ஒரு நாள் கூடியது. அதைக் கழித்தாலும் இன்றோடு 6 நாள் தாமதம்.

துணி இல்லாததால் ஜூன் 28 முதல் எங்கள் தையல் லைன் நிற்கிறது. சரக்கு ஜூலை 18 அன்று தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டும். வெட்டுதல், தையல், பேக்கிங், ஆய்வு ஆகியவற்றுக்கான நாட்களைக் கணக்கிட்டால், மீதித் துணி முழுவதும் ஜூலை 4, வெள்ளி மாலை 5 மணிக்குள் எங்கள் கம்பெனிக்கு வந்தாக வேண்டும்.

நாளை, ஜூலை 2, பகல் 12 மணிக்குள் இரண்டு விவரங்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்: 1,200 கிலோவும் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தாமதத்துக்குக் காரணம் என்ன. தயாராக உள்ள துணியைப் பகுதி பகுதியாக அனுப்பினாலும் எடுத்துக்கொள்கிறோம். வண்டி கிடைப்பது சிரமம் என்றால் எங்கள் டெம்போவை அனுப்புகிறோம்.

ஜூலை 4-க்குப் பிறகு வரும் துணியில் தைத்த பீஸ்களை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால், கூடுதல் செலவு ஆர்டரின் 7-ஆம் நிபந்தனைப்படி டெபிட் நோட்டாக வரும். தாமதமாக வரும் துணியை நாங்கள் எடுத்துக்கொள்வதால், தாமதத்துக்கான இழப்பீடு கேட்கும் எங்கள் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

நாளை பகல் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இதில் யாரையும் புண்படுத்தும் சொல் இல்லை. ஆனால் முதல் வரைவில் இருந்ததைவிடத் தப்பிக்கும் இடம் மிகக் குறைவு. இரண்டு கெடு இருப்பதைக் கவனிக்கலாம். துணிக்கு வெள்ளி, பதிலுக்கு நாளை பகல். துணிக்கு மட்டும் கெடு வைத்தால், வெள்ளி மாலைவரை ஒன்றும் தெரியாமல் காத்திருக்க நேரும். பதிலுக்கு வைத்த சிறு கெடு, விஷயம் எந்தத் திசையில் போகிறது என்பதை இரண்டு நாளுக்கு மேல் முன்பே காட்டிவிடும். பொருள் வரியிலேயே எண்ணும் எடையும் நாளும் இருப்பதால், மின்னஞ்சலைத் திறக்காமல் பட்டியலைப் பார்ப்பவருக்கும் செய்தி போய்ச் சேரும்.

அனுப்பும் விதத்திலும் சில சங்கதிகள் உண்டு. வரைவு எழுதும்போது பெறுநர் முகவரியைக் காலியாக விட்டுவிடுவது நல்லது, கை தவறி அனுப்பிவிடும் ஆபத்து இருக்காது. திருப்பூர் போன்ற ஊரில் தொழில் பெரும்பாலும் போனில்தான் நடக்கிறது என்பதால், முதலில் பேசிவிட்டு, "சற்றுமுன் பேசியதை எழுத்தில் அனுப்புகிறேன் அண்ணா" என்று சொல்லி அனுப்பினால் எழுத்தைப் பார்த்து யாரும் திடுக்கிட மாட்டார்கள். போனில் அண்ணா, தம்பி என்று பேசிக்கொள்வது மின்னஞ்சலின் கண்டிப்புக்குத் தடையல்ல. முதல் மின்னஞ்சலிலேயே சப்ளையர் கம்பெனியின் முதலாளிக்கும் நகல் போட்டால், வழக்கமாகப் பேசுகிறவர் தன்னை மாட்டிவிட்டதாக நினைப்பார். நாளைப் பகலுக்குள் பதில் வராவிட்டால், அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக முதலாளிக்கும் நகலோடு இரண்டாவது அனுப்பலாம். அதில் புதிதாகக் கடுமை சேர்க்க வேண்டியதில்லை. "கீழுள்ள மின்னஞ்சலுக்குப் பகல் 12 மணிவரை பதில் வரவில்லை. ஜூலை 4 கெடுவில் மாற்றம் இல்லை" என்ற இரண்டு வரி போதும்.

பதில் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். "கட்டாயம் அனுப்பிவிடுவோம்" என்பது பதிலே அல்ல. சாயம் முடிந்து காம்பாக்டிங்கில் 700 கிலோ, சாயத்தில் 500 கிலோ என்பது போல நிலை சொல்லும் பதிலைத்தான் நம்பித் தையல் லைனைத் திட்டமிடலாம். 5-ஆம் தேதி தருகிறோம் என்று வந்தால், "சரி" என்று மட்டும் எழுதுவது நாளை நீட்டித்துக் கொடுத்ததாகிவிடும். "5-ஆம் தேதி வருவதைக் குறித்துக்கொண்டோம். ஆர்டரின் தேதியும் 7-ஆம் நிபந்தனையும் மாறவில்லை" என்று எழுதினால் துணியும் வரும், உரிமையும் இருக்கும்.

துணி வாசலுக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பலர் இங்கேதான் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள், வண்டி வந்த நிம்மதியில் கோபமும் போய்விடும். 55-ஆம் பிரிவு கேட்கும் அறிவிப்பு, சரக்கை ஏற்றுக்கொள்ளும் சமயத்தில் கொடுக்க வேண்டியது. அதனால் ரோல்களை எடைபோட்டு இறக்கிய அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் போக வேண்டும்: "ஆர்டர் எண் 214-ன் மீதி 1,200 கிலோ இன்று, ஜூலை 5, காலை 11 மணிக்கு வந்து சேர்ந்தது, நன்றி. தாமதத்துக்கான இழப்பீடு கேட்கும் உரிமையோடு இதை ஏற்றுக்கொள்கிறோம். விமானச் செலவு ஏதும் நேர்ந்தால் ஜூலை 18-க்குப் பிறகு கணக்கு அனுப்புகிறோம்." டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுகிறவரும் வந்த தேதியையும் நேரத்தையும் கையால் எழுதி வைக்க வேண்டும். வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால், பிறகு எந்த நாளில் வந்தது என்பதே சண்டையாகிவிடும்.